பதினொன்றில் எனக்கு, முப்பத்தேழில் அண்ணனுக்கு: ஒரே வீட்டில் இரண்டு சனி தசைகள்

அண்ணனுக்கும் எனக்கும் துலாம் லக்னம், துலாம் ராசி. லக்னத்துக்கு நாலுக்கும் ஐந்துக்கும் உடைய சனி இருவருக்குமே யோககாரகன்தான். அண்ணன் 1968 மாசியில் பிறந்தவர், சித்திரை மூன்றாம் பாதம், சனி ஆறில். நான் 1972 ஆடியில், விசாகம் இரண்டாம் பாதம், சனி எட்டில். என் ஜாதக நோட்டில் ‘கர்ப்பச் செல் போக குரு தசை இருப்பு 11 வருடம்’ என்று எழுதியிருக்கும். அதனால் 1983 ஆடியிலேயே எனக்கு சனி தசை பிறந்துவிட்டது. அண்ணனுக்குச் செவ்வாய் இருப்பு மூன்று வருடம், ராகு பதினெட்டு, குரு பதினாறு என்று கழிந்து 2005 மாசியில்தான் ஆரம்பித்தது.

எனக்கு ஆரம்பித்தபோது ஜென்மச் சனியும் சேர்ந்துகொண்டது. முதல் சுற்று, மங்கு சனி. அப்பா ஒருவருக்கு ஜாமீன் நின்று, வீட்டிலிருந்த மூன்று கைத்தறிகளில் இரண்டு போயின. எட்டாமிடத்துச் சனி என்றால் என்னவென்று அந்த வயதில் எனக்கு என்ன தெரியும்? விடியற்காலை ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றுவேன். நூல் ஓடி ஓடி இடது ஆள்காட்டி விரலில் ஒரு கோடு விழுந்திருக்கும். அதோடு பள்ளிக்கூடம் போய் பென்சிலைப் பிடித்தால் எரியும்.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. கடன் அப்பாவுடையது, அவமானமும் அவருடையது. எனக்கென்று இழப்பதற்கு எதுவுமே இல்லை. இளம் வயதில் சனி பெற்றோர் வழியாகத்தான் வரும் என்று எங்கள் ஜோசியர் சொல்வார். அதனால் சிறு பிள்ளைக்கு சனி தசை நடந்தால், அதன் அப்பா, அம்மா ஜாதகத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் பலன் சொல்லுவார்.

எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் வந்தது. கல்லூரிக்கு அனுப்பவில்லை, டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன். பத்துக்குடைய சந்திரன் புத்தி ஒரு வருடம் ஏழு மாதம். அதற்குள் 1995-ல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ராகு புத்தி முழுக்க வரன்கள் வந்து வந்து தட்டிப்போயின. குரு புத்தி தொடங்கிய பிறகு, 28 வயதில், கல்யாணம். 2002 ஆடியில் தசை முடிந்தபோது எனக்கு வயது முப்பது. அடுத்த பதினேழு வருடம் புதன். கடன் வாங்காத பழக்கமும், கணக்கு எழுதும் கையும் சனியில் வந்தவை. வீடு கட்டியது புதனில்.

அண்ணனுக்கு வந்தது வேறு மாதிரி. 2005-ல் அவரிடம் பன்னிரண்டு விசைத்தறிகள், இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா அப்பா. சனி தட்டிப் பார்க்க வேண்டியதெல்லாம் அவர் பெயரிலேயே இருந்தது. ஆறாமிடம் கடனையும் நோயையும் வழக்கையும் சொல்லும் இடம். சுயபுத்தியின் மூன்று வருடத்திலேயே இந்த மூன்றும் சின்ன அளவில் தலைகாட்டின: நூல் வியாபாரியிடம் பாக்கி, முழங்கால் வலி, பங்காளியோடு வரப்புத் தகராறு. பின்னால் வந்த பதினாறு வருடமும் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன. தசையின் முதல் புத்தியைக் கூர்ந்து பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

ஆறில் சனி நின்றால் கடனைக் கொடுக்கும், அடைக்கவும் வைக்கும். 2009-லிருந்து 2017 வரை இரண்டாம் சுற்று ஏழரை, பொங்கு சனி. அதில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். அப்பாவை இழந்தார். ஆனாலும் ஒரு தவணையும் தவறவில்லை.

அவர் சறுக்கியது அதற்குப் பிறகுதான். 2017 டிசம்பரில் சனி தனுசுக்குப் பெயர்ந்ததும், “சனி விட்டாச்சும்மா” என்று சொன்னார். விட்டது கோச்சாரச் சனி. தசா நாதன் இன்னும் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தார். “அண்ணா, அடுத்த வருஷம் ராகு புத்தி, இரண்டு வருஷம் பத்து மாசம், பொறுங்க” என்று நோட்டை விரித்துக் காட்டினேன். கேட்கவில்லை. 2018 கடைசியில் கடன் வாங்கி எட்டு தறி கூட்டினார். 2020-ல் ஊரடங்கு வந்து தறிகள் நின்றன, வட்டி நிற்கவில்லை. எட்டையும் பாதி விலைக்குக் கொடுத்தார்.

நான் பதினொன்றில் தார் சுற்றிய அதே கஷ்டத்தை அண்ணன் ஐம்பத்திரண்டில் பட்டார். ஆனால் ராத்திரி தூங்காமல் கூரையைப் பார்த்துக் கிடந்தது அவர்தான். எனக்கு அந்த வயதில் படுத்தால் தூக்கம் வந்துவிடும். இன்னொரு வித்தியாசமும் என்னை உறுத்துகிறது. என் உழைப்பின் பலனைத் தின்ன எனக்கு முப்பதிலிருந்து நாற்பத்தேழு வரை வயது கிடைத்தது. அவருக்குப் புதன் 56-ல்தான் வந்திருக்கிறது. ஒன்பதுக்குடையவன், நல்லது செய்வான் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அவர் முழங்காலுக்கு இனி தறிக்கூடத்துப் படி ஏற முடியாது.

2024 மாசிக்குப் பிறகு அவர் கடன் எதுவும் வாங்கவில்லை. மிச்சமிருக்கும் பன்னிரண்டு தறியில் ஆறை வாடகைக்கு விட்டிருக்கிறார். போன வாரம் போனபோது, வரவு செலவு நோட்டை என் பக்கம் நகர்த்தி, “நீ ஒருதரம் கூட்டிப் பாரும்மா” என்றார். கூட்டினேன். முப்பது ரூபாய்தான் இடித்தது.