ஃபேனுக்குக் கீழே ஒரு இடம்

ஜூலை 1, திங்கள்

இன்று ஒரு வேலை செய்தேன். பாடக் குறிப்பேட்டின் ஓரத்தில், என்னிடம் வரும் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு கோடு போட்டேன். காலையிலிருந்து மதிய உணவு மணி வரை 23 கோடுகள். நான்காம் வகுப்பு, 28 பிள்ளைகள். முக்கால்வாசிப் புகார்கள் "டீச்சர், இவன்..." என்றுதான் ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லி அனுப்பினேன். யார் முதலில் அடித்தது, சரி, ரெண்டு பேரும் ஸாரி சொல்லுங்க, போய் உட்காருங்க.

அதில் ஒரே ஜோடி மட்டும் மூன்று தடவை வந்தது. வகுப்பில் இரண்டு ஃபேன். பள்ளி திறந்ததிலிருந்து ஒன்றுதான் ஓடுகிறது. அதற்கு நேர் கீழே ஒரு பிள்ளை உட்கார இடம் உண்டு. அந்த இடத்துக்குத்தான் போட்டி. ஒருவன் பையில் எப்போதும் பம்பரம் இருக்கும், இன்னொருவன் அப்பாவின் பழைய சைக்கிளில் வருவான். இந்தக் குறிப்பில் அவர்களுக்கு அதுவே பெயராக இருக்கட்டும். மூன்று தடவை ஸாரி சொல்லியும் அந்த இடம் யாருக்கு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

தங்கள் சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்வது எப்படி என்று சண்டை நடக்கும்போது சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் ஏறாது. நீச்சலைத் தண்ணீரில் விழுந்த பிறகா கற்றுக்கொடுப்பது? அதனால் யாருக்கும் கோபம் இல்லாத முதல் பீரியடில், பழைய சாக்ஸில் செய்த இரண்டு பொம்மைகளோடு ஆரம்பித்தேன். ஒரு காக்கா, ஒரு அணில். காக்கா ஊஞ்சலில் இருந்து இறங்க மாட்டேன் என்கிறது. அணில் என்ன செய்யலாம்?

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மைர்னா ஷூர், ஜார்ஜ் ஸ்பிவாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970களில் சின்னப் பிள்ளைகளோடு செய்த வேலையை நான் ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டிருந்தேன். எது நல்ல வழி என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் முறை இல்லை. ஒரு சிக்கலுக்கு எத்தனை வழி யோசிக்க முடிகிறது, ஒன்றைச் செய்தால் அடுத்து என்ன ஆகும் என்று யோசிக்க முடிகிறதா, இந்தப் பழக்கத்தைத்தான் வளர்ப்பார்கள். அதற்கு முன் "ஒரே மாதிரி", "வேற மாதிரி", "அல்லது", "ஏன்னா" போன்ற சின்னச் சொற்களை விளையாட்டாகப் பழக்குவார்கள். இதெல்லாம் எதற்கு என்று அன்று நினைத்தேன். இன்று புரிந்தது.

"அடிக்கலாம்" என்றான் ஒருவன். "கிள்ளலாம்", "தள்ளி விடலாம்", "முடியைப் பிடிச்சு இழுக்கலாம்". நான்கு வழி சொல்லிவிட்டோம் என்று வகுப்பே பெருமைப்பட்டது. இந்த நாலும் ஒரே மாதிரியா, வேற மாதிரியா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. "எல்லாமே வலிக்க வைக்கிறது டீச்சர், ஒண்ணுதான்" என்றாள் ஒருத்தி. சரி, ஒன்று. வேற? "டீச்சர்கிட்ட சொல்லலாம்." இரண்டு. வேற? "கேட்டுப் பாக்கலாம்." மூன்று. அங்கே நின்றுவிட்டது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றுதான். "கேட்டுப் பாக்கலாம்" என்றதும் "வெரி குட்" என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அத்தோடு யோசிப்பது நின்றுபோயிருக்கும், டீச்சருக்குப் பிடித்த பதில் கிடைத்துவிட்டதே. "அது ஒரு வழி. வேற?" என்று மட்டும் சொல்லப் பழக வேண்டும். "அடிக்கலாம்" என்பதையும் கரும்பலகையில் எழுதினேன். அது நல்லதா கெட்டதா என்ற பேச்சு பிறகு வரும்.

ஜூலை 4, வியாழன்

"என்ன ஆச்சு?" என்று கேட்டால் பிள்ளைகள் நடந்ததைச் சொல்வதில்லை, குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள். "இவன் வேணும்னே இடிச்சான் டீச்சர், இவன் எப்பவுமே இப்படித்தான்."

எங்கள் வகுப்புச் சுவரில் ட்யூப்லைட் பக்கத்தில் ஒரு பல்லி குடியிருக்கிறது. அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அந்தப் பல்லி கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லணும், அதுதான் விளையாட்டு. "பல்லி என்ன பாத்துச்சு?" "இவன் கை என் தோள்ல பட்டுச்சு." சரி. "வேணும்னே பட்டுச்சு." பல்லிக்கு அது தெரியுமா? தெரியாது. "இவன் எப்பவுமே." பல்லி எப்பவுமேவா பார்த்துக்கொண்டிருந்தது? பூச்சி பிடிக்கப் போயிருக்காதா? சிரிப்பு.

இரண்டு பீரியட் போனது. சிக்கலைச் சொல்வது, வழிகள் யோசிப்பது, செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது, இந்தப் படிகளில் முதல் படிக்குத்தான் நேரம் பிடிக்கும் என்று இப்போது தெரிகிறது. குற்றம் சாட்டாமல் சிக்கலைச் சொல்ல வந்துவிட்டால், மீதியைப் பிள்ளைகளே இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஜூலை 8, திங்கள்

ஃபேன் வழக்கு. பம்பரமும் சைக்கிளும் காலையிலேயே முட்டிக்கொண்டார்கள். சைக்கிளின் கண்ணில் தண்ணீர், பம்பரத்தின் கை இறுக்கி மூடியிருந்தது. அந்த நிலையில் எதுவும் கேட்கவில்லை. ஒருவனைக் குழாயடிக்கும் இன்னொருவனைச் சாக்பீஸ் வாங்கிவரவும் அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து ஜன்னல் ஓரம் பாயில் மூவரும் உட்கார்ந்தோம்.

முதலில் பம்பரம் சொன்னான்: "நான் பையை வெச்சிட்டுப் போனேன், வந்தா இவன் உக்காந்திருக்கான்." அதை சைக்கிள் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும்போது "ஆனா" என்று ஆரம்பித்தான். இல்லை, முதலில் அவன் சொன்னது மட்டும். மூன்றாவது முயற்சியில் சரியாக வந்தது. பிறகு சைக்கிளின் முறை: "பை வெச்சா இடம் ஆயிடுமா? நான்தான் முதல்ல உக்காந்தேன்."

"உனக்கு அந்த இடம் எதுக்கு?" என்று இருவரையும் கேட்டேன். பம்பரத்துக்கு வியர்வை, வேர்க்குரு. சைக்கிள் சொன்னது நான் எதிர்பார்க்காதது. அவன் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் கரும்பலகையில் வெளிச்சம் அடித்து எழுத்து தெரியவில்லையாம். இந்த ஒரு கேள்வியை ஜூன் மாதமே கேட்டிருக்கலாம்.

என்ன செய்யலாம்? ஆறு வழி வந்தது. சண்டை போட்டு ஜெயிக்கிறவன் உட்காரலாம். டீச்சர் வேறு யாரையாவது உட்கார வைக்கலாம். ரெண்டு பேரும் ஒட்டி உட்காரலாம். காலையில் ஒருவன், மதியம் ஒருவன். ஒரு வாரம் ஒருவன், மறு வாரம் மற்றவன். ஜன்னல் கதவை மூடிவிட்டு சைக்கிள் வேறு இடத்துக்குப் போகலாம்.

ஒவ்வொன்றுக்கும் "செஞ்சா அப்புறம் என்ன ஆகும்?" சண்டை: "திரும்ப நாளைக்கும் சண்டை." ஒட்டி உட்காருவது: "ரெண்டு பேருக்கும் வேர்க்கும்." ஜன்னலை மூடுவது: "எல்லாரும் திட்டுவாங்க." காலை, மதியம் என்று பிரிப்பதை நானே நல்ல வழி என்று நினைத்தேன். பம்பரம்தான் மறுத்தான். மதியம்தானே வெயில், காலையில் கிடைக்கிறவன் ஏமாந்தவன். வாரத்துக்கு ஒருவன் என்று முடிவானது. முதல் வாரம் யார் என்பதற்கு அவர்களே பூவா தலையா போட்டார்கள். சைக்கிள் ஜெயித்தான். தன் முறை இல்லாத வாரத்தில் பலகை தெரியும் இன்னொரு இடத்துக்கு அவன் மாறிக்கொள்வான்.

பதினொரு நிமிடம். கணக்குப் பாடத்தில் அவ்வளவு குறைந்தது.

ஜூலை 12, வெள்ளி

ஒப்பந்தம் நான்கே நாளில் உடைந்தது. சைக்கிளுக்குக் காய்ச்சல், புதன், வியாழன் வரவில்லை. பம்பரம் போய் உட்கார்ந்துகொண்டான். இன்று திரும்பி வந்தவன், போன இரண்டு நாளைத் திருப்பிக் கொடு என்கிறான். மறுபடி பாய். இந்தத் தடவை நான் இரண்டு கேள்விதான் கேட்டேன், மீதி அவர்களே. லீவு போட்டால் அந்த நாள் போச்சு, காலி இடத்தில் மற்றவன் உட்காரலாம் என்று முடிவு. நான்கு நிமிடம்.

முதல் தடவையே "இது சரியா வருதான்னு வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால், உடைந்ததும் இருவருக்கும் அது ஏமாற்று வேலையாகத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டில் மானம் போன கதை. பெரியவளுக்கு 12, சின்னவனுக்கு 7. டிவி ரிமோட். என் அம்மா வழக்கம்போல, "நீ பெரியவதானே, விட்டுக்கொடேன்" என்றார். நானும் அதே வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவள்தான். அதில் முடிவது பெரியவர்களின் தலைவலி மட்டும். மூத்தது மனதில் கணக்கு வைத்துக்கொள்ளும், இளையது அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

அதனால் படிகளைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டே நிமிடத்தில் "முடிச்சிட்டோம்மா" என்றாள் மகள். எவ்வளவு சந்தோஷம் எனக்கு. சாயங்காலம் சின்னவன் தேம்புகிறான். ஒப்பந்தம் இதுதான்: இன்று முழுக்க அக்காவுக்கு, அதற்குப் பதில் "அடுத்த லீவு எல்லாம் உனக்கு". அடுத்த லீவு எப்போது என்று ஏழு வயதுக்குத் தெரியுமா?

வகுப்பில் இருவரும் ஒரே வயது. வீட்டில் ஒருத்திக்கு வாய் நீளம். படிகள் அவள் கையில் வக்கீல் வேலை ஆகிவிட்டன. மறுபடி உட்கார வைத்து இரண்டு மாற்றம் செய்தேன். வழி சொல்வது முதலில் சின்னவன். முடிவானதை அவனே தன் வாயால் சொல்ல வேண்டும், சொல்ல வரவில்லை என்றால் அது முடிவே இல்லை. இப்போது ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி, ஒன்று முடிந்ததும் மற்றது. மகளுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஜூலை 19, வெள்ளி

இதை எழுதி வைக்க வேண்டும். ஒரு பையனின் முறுக்கை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் வாங்கிக்கொள்கிறான் என்று தெரிந்தது. பழக்க தோஷத்தில் இருவரையும் பாயில் உட்கார வைக்கப் போனேன். சின்னவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெரியவனின் முகத்தையே பார்த்தான். நிறுத்திவிட்டேன்.

இது சண்டையே இல்லை. சண்டையில் இரண்டு பேருக்கும் ஒன்று வேண்டும், ஒருநாள் இவன் ஜெயிப்பான், ஒருநாள் அவன். இங்கே தினமும் ஒருவனே தோற்கிறான், பயப்படுகிறான். "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு வழி கண்டுபிடிங்க" என்றால், அவன் முறுக்கில் பாதியைப் பேரம் பேசச் சொல்வதாக ஆகிவிடும். தனித்தனியாகப் பேசினேன், தலைமையாசிரியரிடம் சொன்னேன், இரு வீட்டாரையும் தனித்தனியே வரச்சொல்லியிருக்கிறோம். இடைவேளையில் அந்தப் பக்கம் ஒரு ஆசிரியர் நிற்பார்.

ஜூலை 26, வெள்ளி

மறுபடி கோடு போட்டேன். மதியம் வரை 15. ஒருநாள் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இன்று மூன்று பேர் லீவு வேறு. ஆனால் "டீச்சர், நாங்க பாயில உக்காந்துக்கவா?" என்று கேட்டு வந்தவர்கள் இரண்டு ஜோடி.

காலை உணவு முடிந்து தட்டு கழுவும் குழாயடியில் இரண்டு பெண்கள் வரிசைக்குச் சண்டை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் குரலிலேயே, "பல்லி என்ன பாத்துச்சு?" என்றாள். மற்றவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "இங்க ஏதுடி பல்லி?" என்று சொல்லி, சுண்டுவிரலை நீட்டிக் கா விட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மூன்றாவது பீரியடில் பழம் விட்டிருந்தார்கள். இடையில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.