மண்வள அட்டையிலிருந்து மூட்டைக் கணக்குக்கு

விடுமுறை நாட்களில் ஊர்க்காரர்களின் மண்வள அட்டையைப் படித்துச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. இந்த முறை கும்பகோணம் பக்கம் சம்பா நடும் மாமா ஒருவரின் அட்டை. நிலம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். தழைச்சத்து குறைவு, சாம்பல்சத்து மத்திமம், துத்தநாகம் குறைவு. மணிச்சத்து மட்டும் ஹெக்டேருக்கு 31 கிலோ. 22ஐத் தாண்டினாலே அதிகம் என்று கணக்கு.

"அதிகம்னா நல்லதுதானே தம்பி? எப்பவும்போல ரெண்டு மூட்டை டி.ஏ.பி. போட்டுடறேன்" என்றார்.

"மண்ணுல இருக்கறத கழிச்சுட்டுதான் மாமா கடையில வாங்கணும்" என்று அட்டையின் பரிந்துரைக்கு வந்தேன். சம்பா ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை தழை, மணி, சாம்பல் என்ற வரிசையில் ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ. குறைவாக உள்ள சத்துக்குக் கால் பங்கு கூட்டி, அதிகமாக உள்ளதற்குக் கால் பங்கு குறைத்தால் 187.5 : 37.5 : 50. பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். இது உரத்தின் எடை இல்லை, சத்தின் எடை. அதுவும் இரண்டரை ஏக்கருக்கு.

ஏக்கருக்கு மாற்றினால் 75 : 15 : 20. டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 சதவீதம் என்பதால் 15 கிலோ சத்துக்கு 33 கிலோ உரம் போதும். அவர் போட்டுவந்த 100 கிலோ இதைப்போல மூன்று மடங்கு! அந்த 33 கிலோவிலேயே 6 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. மீதி 69 கிலோவுக்கு யூரியா 150 கிலோ. சாம்பல்சத்து 20 கிலோவுக்குப் பொட்டாஷ் 33 கிலோ.

மாமாவுக்கு ஏக்கர் கணக்கு ஒட்டவில்லை. மாவுக்குப் பிரித்து அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: டி.ஏ.பி. 11, பொட்டாஷ் 11, யூரியா 50 கிலோ. அதைப் பார்த்ததும்தான் முகம் தெளிந்தது.

டி.ஏ.பி. முழுவதும் அடியுரம். யூரியாவையும் பொட்டாஷையும் அடியுரம், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரிக்க வேண்டும். டி.ஏ.பி.யில் தழைச்சத்து இருப்பதால் அடியுரத்துக்கு ஏக்கருக்கு 28 கிலோ யூரியா, பிறகு ஒவ்வொரு முறையும் 41 கிலோ.

துத்தநாகக் குறைவை எழுத்தில் பார்த்தபோது அவரே ஒன்று சொன்னார்: "நட்டு மூணு வாரத்துல அடி இலையில துருப்பிடிச்ச மாதிரி புள்ளி விழும் தம்பி, நோய்னு மருந்தடிப்பேன்." மணிச்சத்து மிகுந்தால் பயிர் துத்தநாகத்தை எடுப்பது குறையும், இத்தனை வருட டி.ஏ.பி.க்கும் அந்தப் புள்ளிக்கும் தொடர்பு இருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவச் சொன்னேன், டி.ஏ.பி.யோடு கலக்காமல் தனியாக.

அடியுரமும் துத்தநாகமும் போட்டு நடவு முடிந்தது. முதல் மேலுரத்துக்கு முன் அடி இலைகளைப் புரட்டிப் பார்க்கப் போகிறோம். ஒரு மாவில் மட்டும் துத்தநாகம் போடாமல் விட்டிருக்கிறார், வித்தியாசம் தெரிய வேண்டும் என்று.