சின்ன யானை பின்னாடி போன் நம்பர் எழுதுன அனுபவம்

நமக்கு கொழிஞ்சாம்பாறை, பிளம்பிங் வேலை. வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூர் பக்கமும் போவேன், இந்தப் பக்கம் பாலக்காடு வரைக்கும் போவேன். போன வருசம் சின்ன யானை வாங்குனதும் பின் டோர்ல விளம்பரம் ஒட்டுனேன். கடைல கொடுத்த டிசைன்ல கடை பேரு, மோட்டார், டேங்க் க்ளீனிங், பாத்ரூம் ஃபிட்டிங், குழாய் படம், தமிழ், மலையாளம்னு எல்லாம் இருந்துச்சு, நம்பர் மட்டும் கீழ ரெண்டு இன்ச்ல. ஆறு மாசத்துல அத பாத்து வந்த போன் மூணே மூணு.

ஒரு நாள் மச்சான் பைக்ல பின்னாடி உக்காந்து, வண்டிய ஃபாலோ பண்ணி போன்ல போட்டோ எடுத்தேன். நாப்பது அடி தள்ளி வந்தாலே நம்பர் ஒரு கோடு மாதிரிதான் தெரியுது. போர்டு எழுதுற அண்ணன் ஒருத்தர்கிட்ட கேட்டேன், "பத்தடிக்கு ஒரு இன்ச் கணக்கு வை, ஓடுற வண்டிக்கு அதுக்கு மேல வை"ன்னாரு. அப்ப நாப்பது அடிக்கு நாலு இன்ச், நான் அஞ்சுன்னு முடிவு பண்ணேன்.

டோர அளந்தா லாக் ரெண்டுக்கும் நடுவுல 54 இன்ச். அஞ்சு இன்ச் எழுத்துன்னா ஒண்ணு மூணு இன்ச் அகலம், இடைவெளி முக்கால் இன்ச், பத்து நம்பருக்கு முப்பத்தேழரை, அஞ்சு அஞ்சா பிரிக்க நடுவுல மூணு இன்ச், மொத்தம் நாப்பது சொச்சம். ஆறு இன்ச் வெச்சா நாப்பத்தெட்டு சொச்சம் ஆகுது, ஓரத்துல இடம் ரொம்ப கம்மியாயிடுது. +91 எடுத்துட்டேன், அது மூணு எழுத்து இடத்த தின்னுது, இங்க யாருக்கும் அது தேவையும் இல்ல.

அடுத்தது எழுத்து ஸ்டைல். என் நம்பர்ல மூணு 8 இருக்கு, பழைய ஸ்டைலான ஃபாண்ட்ல தூரத்துல அது 6 மாதிரியும் 3 மாதிரியும் தெரிஞ்சுச்சு. அதனால வளைவு நல்லா திறந்து இருக்குற சாதா கட்டை எழுத்து, மஞ்சள் மேல கறுப்பு. பேப்பர்ல அதே சைஸ்ல பிரிண்ட் போட்டு டோர்ல ஒட்டி, அம்பது அடில அஞ்சு பேர நிக்க வெச்சு சத்தமா படிக்க சொன்னேன், ஒருத்தர் தப்பா படிச்ச 8-ஓட ரெண்டு ஓட்டையையும் பெருசாக்கச் சொன்னேன்.

டோர் தகரத்துல மேடு பள்ளம் இருக்கும், ஸ்டிக்கர் அங்க குமிழ் விட்டு எழுத்து உடையும், அதுனால தட்டையான ஏசிபி ஷீட்ட ரிவெட் அடிச்சு அது மேல ஒட்டுனோம். நம்பர் பிளேட், சிவப்பு ரிஃப்ளெக்டர் எதையும் மறைக்கல. நம்பருக்கு மேல "பிளம்பிங்"னு ஒரே வார்த்தை, தமிழ்லயும் மலையாளத்துலயும், பக்கத்துல ஒரு குழாய் படம், அவ்ளோதான்.

ஒண்ணு மட்டும் யாரும் சொல்லல. இருபதடி பைப் ஏத்துனா டோர தொறந்து போட்டுத்தான் போகணும், அப்ப விளம்பரம் ரோட்ட பாத்து தொங்கும். அதுக்காகவே மேல கேரியர் வெச்சேன், இப்ப பைப் அங்க, டோர் எப்பவும் சாத்தி இருக்கு.