கொஞ்சமே தெரிந்தவருக்கு இரங்கல் எழுதுவது: நாட்குறிப்பு

மார்ச் 3

நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் வரும் டீச்சர் தவறிவிட்டார். அங்கே உதவிக்கு வரும் ஒருவர் டீச்சரின் கணவருக்கு எழுத நினைத்து, தான் எழுதியதைக் காட்டினார். கணவரை வாசலில் இரண்டு முறை பார்த்து வணக்கம் சொன்னதோடு சரி. டீச்சரோடு பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் தேறாது.

“தங்கள் மனைவியின் மறைவுச் செய்தி கேட்டு ஆழ்ந்த வேதனை அடைந்தேன். ஈடுசெய்ய முடியாத இழப்பு. அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும்.”

தப்பில்லைதான். ஆனால் இதில் டீச்சர் எங்கேயும் இல்லை. வேறு யார் இறந்திருந்தாலும் இதே வரிகள் போதும். நெருக்கமில்லாதவர்கள் பெரிய சொற்களைத் தேடிப்போவது, சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை என்ற கூச்சத்தால்தான்.

மார்ச் 4

“அவரை நினைத்தால் முதலில் என்ன கண்ணுக்கு வருகிறது?” இந்த ஒரு கேள்விதான் கேட்டேன். நல்லவர், அன்பானவர் என்று தொடங்கினார். அது மதிப்பீடு, பார்த்த காட்சி இல்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: டீச்சரின் கைப்பையில் எப்போதும் ஒரு டேப் ரோல் இருக்கும். குழந்தைகள் பகுதியில் கிழிந்த பக்கம் கண்ணில் பட்டால் அங்கேயே உட்கார்ந்து ஒட்டுவார். ஒட்டும் முன் கிழிசலின் இரண்டு ஓரத்தையும் நகத்தால் நீவிச் சேர்ப்பார்.

கடிதத்துக்கு இது போதும். மனைவி வீட்டில் எப்படி இருந்தார் என்பது கணவருக்குத் தெரியும். தான் இல்லாத இடத்தில் எப்படி இருந்தார் என்பதை வெளியாட்கள்தான் சொல்ல முடியும். கொஞ்சமாகப் பழகியவரிடம் இருப்பது அந்தச் சின்னத் துண்டுதான், அதை வீட்டு மனிதர்களால் தர முடியாது.

மார்ச் 5

எதை விட வேண்டும் என்று இன்று பார்த்தோம். “கடைசியாகப் பார்த்தபோது தலை சுற்றுகிறது என்றார்” என்று ஒரு வரி வைத்திருந்தார். உண்மைதான், ஆனாலும் எடுக்கச் சொன்னேன். நம்மிடம் சொன்னதை வீட்டில் சொன்னாரா என்று நமக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்திருந்தால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு “நான் கவனிக்காமல் விட்டேனே” என்று கணவர் மருகிக்கொண்டே இருப்பார். உடம்பு, பணம், வீட்டு வருத்தம் பற்றி இறந்தவர் பேசிய எதுவும் கடிதத்துக்குள் வேண்டாம். எப்படி இறந்தார் என்ற கேள்வியும் வேண்டாம்.

“எங்களுக்கு மிகவும் நெருக்கமானவர்” என்பதையும் அடித்தோம். இவரைப் பற்றி வீட்டில் பேச்சே எழுந்திருக்காது. படிப்பவர் ‘யார் இவர்?’ என்று குழம்புவார், பிறகு மற்ற வரிகளையும் நம்பமாட்டார். “எது வேண்டுமானாலும் கேளுங்கள்” என்பதும் போயிற்று. பழக்கமில்லாத ஒருவரிடம் அவர் வாய்விட்டு எதைக் கேட்பார்? செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லலாம்.

மார்ச் 6

அனுப்பியது இது, ஒரு தாளில் கையால் எழுதி:

“ஐயா, நான் நூலகத்தில் சனிக்கிழமைகளில் உதவிக்கு வருபவன். உங்களை வாசலில் பார்த்திருக்கிறேன். டீச்சர் தவறிய செய்தி சில நாட்களுக்கு முன் தெரிந்தது. மிகவும் வருத்தமாக இருக்கிறது. அவரோடு எனக்கு அதிகப் பழக்கம் இல்லை. ஆனால் குழந்தைகளின் கிழிந்த புத்தகங்களை, கைப்பையிலிருந்து டேப் எடுத்து, ஓரங்களை நகத்தால் நீவிச் சேர்த்து அவர் ஒட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களைக் குழந்தைகள் இன்னும் எடுத்துப் படிக்கிறார்கள். டீச்சர் எடுத்த நூலகப் புத்தகம் வீட்டில் இருந்தால் தேட வேண்டாம். எப்போது கிடைக்கிறதோ அப்போது சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.”

கீழே முழுப் பெயர். தான் யார் என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பாதிக் கடிதம் வரை அவர் அதையே யோசித்துக்கொண்டிருப்பார். டீச்சர் என்ற சொல்லையும் மாற்றவில்லை. அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ‘அன்னார்’ என்றால் அது வேறு யாரோ.

போனில் அனுப்புவதானாலும் இதே வரிகள்தான். குழுவில் போடாமல் அவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். படித்துவிட்டாரா என்று பார்த்துவிட்டு அடுத்த செய்தி தட்டக் கூடாது.

மார்ச் 24

பதில் வந்திருக்கிறது. கைப்பையில் அந்த டேப் ரோல் இருந்ததாம், எதற்கென்று அவருக்குத் தெரியவில்லையாம். எந்தப் புத்தகங்கள் என்று கேட்டிருக்கிறார்.

இங்கே ஒரு ஆபத்து உண்டு. அவர் ஆவலாகக் கேட்கிறாரே என்று நினைவில் இல்லாததைச் சேர்க்கத் தோன்றும். பார்த்தது இரண்டு புத்தகமானால் இரண்டின் பெயரைத்தான் எழுத வேண்டும். பெயர் மறந்திருந்தால், அலமாரியில் தேடி, ஒட்டிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பலாம். சனிக்கிழமை தேடிப் பார்ப்பதாகக் கடிதம் எழுதியவர் சொல்லியிருக்கிறார்.