மதிப்பெண்ணே இல்லாத பத்தாம் வகுப்பும் வேலைவாய்ப்புப் படிவமும்

பெருந்தொற்றுக் காரணமாக 2021-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. எங்கள் சான்றிதழில் மதிப்பெண்களுக்குப் பதிலாகத் தேர்ச்சி என்று மட்டுமே இருந்தது. அப்போது மகிழ்ச்சியாக இருந்த அந்த ஒரு சொல், பொறியியல் மூன்றாம் ஆண்டில் கல்லூரியின் பிளேஸ்மென்ட் தளத்தில் பதிவு செய்ய உட்கார்ந்தபோது தொல்லையாக வந்து நின்றது. பத்தாம் வகுப்புச் சதவீதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. எண்ணைத் தவிர வேறெதையும் அது ஏற்கவும் இல்லை.

விடுதியில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். சுழியம் போட்டால், 60 சதவீதம் கேட்கும் நிறுவனங்களின் பட்டியலிலிருந்து தளமே பெயரை நீக்கிவிடும். 100 போட்டால் அதைக் காட்டுவதற்குச் சான்று கிடையாது. என் அறைத்தோழன் 100 போட்டு, அன்றிரவே சமர்ப்பித்தும் விட்டான். வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை அவகாசம் இருந்ததால், நான் செவ்வாய்க்கிழமை காலையிலேயே பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்குச் சான்றிதழை எடுத்துச் சென்று காட்டினேன். பொறுப்பாசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேட்ச் முழுக்க இதே கதைதானேப்பா" என்றார். மறுநாள் அந்தக் கட்டத்துக்குக் கீழே '2021 தேர்ச்சி, மதிப்பெண் இல்லை' என்று தேர்வு செய்யும் வசதி வந்தது.

சிஜிபிஏ கட்டத்தில் வேறொரு சபலம். எனக்கு ஐந்தாம் செமஸ்டர் வரை 7.48, பல நிறுவனங்கள் கேட்பதோ 7.5. முழுமையாக்கினால் என்ன என்று கை துறுதுறுத்தது உண்மைதான். ஆனால் மதிப்பெண் பட்டியலை அருகில் வைத்துச் சரிபார்ப்பவருக்கு அது முழுமையாக்கல் அல்ல, பொய்த் தகவல். 7.48 என்றே எழுதினேன்.

ஆவணங்கள்தான் அதிக நேரத்தை விழுங்கின. ஒவ்வொரு கோப்பும் 200 கேபிக்குள் இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்தவை 2 எம்பியைத் தாண்டின. இணையத்தில் சுருக்கியபோது பதிவெண்ணில் உள்ள 3 எது, 8 எது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் 150 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யச் சொன்னேன். அளவு அடங்கியது, எழுத்தும் தெளிவாக இருந்தது. பதிவேற்றிய பின் ஒவ்வொன்றையும் தளத்திலிருந்தே திறந்து பார்த்ததில், ஐந்தாம் செமஸ்டருக்கான இடத்தில் நான்காம் செமஸ்டர் பட்டியல் உட்கார்ந்திருந்தது. Scan_04.pdf, Scan_05.pdf என்று கடையில் கொடுத்த வரிசை எண்களை செமஸ்டர் எண்களாக எடுத்துக்கொண்டது என் தவறு. கோப்புகளுக்குப் பெயர் மாற்றி மீண்டும் ஏற்றி, வியாழக்கிழமை இரவு சமர்ப்பித்தேன்.

சமர்ப்பித்தவுடன் படிவம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கத் துறைத் தலைவரின் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். புதிய வசதி வந்ததை அறைத்தோழன் கவனித்தது வெள்ளிக்கிழமைதான்; அன்று துறைத் தலைவர் விடுப்பில் இருந்தார். திங்கட்கிழமை அவனது படிவம் திருத்தப்படுவதற்குள், முதல் நிறுவனத்துக்கான தகுதிப் பட்டியல் சனிக்கிழமையே போய்விட்டது.