சரக்கு ஏற்கப்பட்ட நாள்

ஆர்டரில் கையெழுத்திடுவதற்கு முன் எங்களுக்குப் புஷ் செய்து தரும் பட்டறைக்காரர், கொள்முதல் செய்யும் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “சார், சரக்கு வந்தா எத்தனை நாள்ல இன்ஸ்பெக்‌ஷன் முடிப்பீங்க? அதையும் இதுலயே எழுதிடலாமா?” என்றார். “ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுடும் சார், அதை எழுதணும்னு இல்ல” என்று நான் பதில் சொன்னேன். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நான் பொய் சொல்லவில்லை. அதுவரை பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில்தான் முடிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்த உரையாடலை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும், நான் சொன்ன பதிலின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவிலேயே மனம் நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நாட்களில் முடியும் என்பதில் எனக்கு உறுதி இருந்திருந்தால், அதை எழுதித் தருவதற்கு ஏன் தயங்கினேன்?

ஆர்டர் 800 வெண்கலப் புஷ்களுக்கானது, அதாவது தண்டு பொருந்தும் துளை கொண்ட உருளை உறைகளுக்கானது. உள்விட்டம் 25 மில்லிமீட்டர், பொருத்தம் எச்7. அதாவது துளை 25.000க்குக் குறையாமலும் 25.021ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். அவருடையது சில லேத்துகளும் துளையை ரீமரால் துல்லிய அளவுக்குச் சீவும் ஒரு ரீமிங் அமைப்பும் கொண்ட சிறிய பட்டறை. நிபந்தனைகளை எழுதியவன் நான். டெலிவரிக்கு ஒரு தேதி கொடுத்திருந்தேன். ஏற்கத்தக்க சரக்கு எங்கள் ஸ்டோருக்கு வந்து சேரும் நாளே டெலிவரி நாள் என்றும், தாமதமானால் வாரத்துக்கு அரை விழுக்காடு வீதம், வாரத்தின் பகுதியையும் முழு வாரமாகக் கொண்டு, அதிகபட்சம் ஐந்து விழுக்காடு வரை பிடித்தம் செய்யப்படும் என்றும் எழுதியிருந்தேன். எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் முடிவே இறுதியானது. நிராகரிக்கப்பட்டதை அவர் தம் செலவில் எடுத்துச் சென்று மாற்றித் தர வேண்டும். சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களில் பணம் தரப்படும்.

இந்த நிபந்தனைகளைத் தனித்தனியாக வாசித்தால் எதிலும் குறை தெரியாது. கெட்ட சரக்கைக் குறித்த நாளில் கொண்டுவந்து போட்டுவிட்டு டெலிவரி முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாதபடி முதல் நிபந்தனை தடுக்கிறது. சோதிக்காத பொருளுக்குப் பணம் போகாதபடி கடைசி நிபந்தனை தடுக்கிறது. இவற்றைச் சேர்த்து வாசிக்கும்போதுதான் எங்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு எந்தக் கெடுவும் இல்லை என்பதும், அந்தக் கெடுவில்லாத நாட்கள் தாமதப் பிடித்தத்திலும் பணம் வரும் நாளிலும் என்று இரு பக்கமும் அவர் கணக்கிலேயே ஏறுகின்றன என்பதும் புலப்படும். நான் அப்படிச் சேர்த்து வாசிக்கவில்லை. அவர் வாசித்திருந்தார், அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சரக்கு சொன்ன தேதியில் வந்தது. அந்த வாரம் அசெம்ப்ளிக்கு அவசரமாகத் தேவைப்பட்ட வேறு சரக்குகள் வரிசையில் முன்னே இருந்தன. எங்கள் இன்ஸ்பெக்டர்கள் இருவரும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் துளையின் அளவைச் சோதிக்கும் 25 மில்லிமீட்டர் பிளக் கேஜ் அளவுச் சரிபார்ப்புக்கு வெளியே போயிருந்தது. அது திரும்பி வந்தபோது புஷ் பெட்டிகள் ஸ்டோரின் ஓரத்தில் இருந்தன. அவற்றை யாரும் தேடவில்லை. ஏனென்றால் அந்தப் புஷ்கள் அடுத்த மாதத்துக்குத்தான் தேவை. டெலிவரி தேதியைத் தேவைக்கு முன்னதாகவே போடுவது என் வழக்கம்; கையிருப்பு குறைந்தால் கேள்வி என்னிடம்தான் வரும் என்பதால் அப்படிச் செய்துவந்தேன். அதை இன்றும் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கும் உடனே தேவைப்படாத தேதியை மீறியதற்காக ஒருவரிடம் பிடித்தம் செய்வது வேறு விஷயம்.

சரக்கு வந்து 24ஆம் நாள் நிராகரிப்பு அறிக்கை என் மேசைக்கு வந்தது. மாதிரிச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி, 800 எண்ணிக்கை கொண்ட ஒரு லாட்டுக்கு வழக்கமான சோதனை நிலையில் 80 மாதிரிகள் எடுக்க வேண்டும். நாங்கள் பின்பற்றும் 1.5 என்ற தர வரம்பில் மூன்று குறைகள் வரை லாட்டை ஏற்கலாம், நான்கு வந்தால் நிராகரிக்க வேண்டும். நான்கு புஷ்களில் பிளக் கேஜில், சரியான துளைக்குள் நுழையக் கூடாத நோ-கோ முனை உள்ளே போயிருந்தது, அதாவது துளை பெரிதாகியிருந்தது. லாட் முழுவதும் நிராகரிக்கப்பட்டது. இந்த அட்டவணையைப் பற்றியோ வரம்பைப் பற்றியோ ஆர்டரில் ஒரு சொல்கூட இல்லை; அது எங்கள் உள்வழக்கம் மட்டுமே.

அவர் நேரில் வந்தார். கேஜ் மீது சந்தேகம் எழுப்புவார் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்கு இடமும் இருந்தது: நோ-கோ முனை தேய்ந்து சிறுத்திருந்தால் நல்ல துளைக்குள்ளும் அது புகுந்துவிடும்; நல்ல சரக்கு கெட்டதாகக் காட்டப்படும். ஆனால் கேஜ் அப்போதுதான் சரிபார்க்கப்பட்டு வந்திருந்தது. அவர் தம் கையோடு கொண்டுவந்த கேஜை அந்த நான்கு புஷ்களிலும் தாமே போட்டுப் பார்த்தார். அதுவும் உள்ளே போனது. அதன் பிறகு அவர் எங்களோடு வாதாடவே இல்லை. என் மனம் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கும் ஆதாரம் இதுதான்: சரக்கில் குறை இருந்தது, நிராகரிப்பு நியாயமானது.

பிறகு அவர் 800ஐயும் ஒவ்வொன்றாகச் சோதித்து, 31 கெட்டவற்றைப் பிரித்தெடுத்தார். இந்த எண்ணை வைத்து நான் பின்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 800இல் 31 கெட்டவை இருக்கும் லாட்டிலிருந்து 80 மாதிரிகள் எடுத்தால் சராசரியாக மூன்று கெட்டவை அகப்படும். மூன்று வந்தால் லாட் தேறிவிடும். அப்படிப்பட்ட லாட் பத்துக்கு ஏறக்குறைய ஆறு முறை தேறியிருக்கும். மாதிரிச் சோதனையின் இயல்பே அதுதான், வரம்புக்கு அருகில் அது குறி தவறாத கருவி அல்ல. ஆனால் “எங்கள் முடிவே இறுதியானது” என்று எழுதிய எனக்கு, அந்த முடிவு வேறு 80 புஷ்களை எடுத்திருந்தால் மாறியிருக்கக் கூடியது என்பது தெரியவே தெரியாது.

என்னை அதைவிட அதிகமாக உறுத்துவது அவர் அன்று புறப்படும்போது சொன்னது. “முதல் வாரத்துலயே சொல்லியிருந்தா நாலு நாள்ல முடிச்சிருப்பேன் சார். செட்டிங் அப்படியே இருந்தது. இப்ப அதைப் பிரிச்சு வேற வேலை போட்டாச்சு. அந்த ரீமரையும் தீட்டியாச்சு, எதனால பெரிசாச்சுன்னு இனிமே கண்டுபிடிக்கவும் வழியில்ல” என்றார். குரலில் கோபம் இல்லை. மெஷின் வேலை தெரிந்த ஒருவர் இன்னொருவருக்குக் காரணம் விளக்குவது போலத்தான் சொன்னார். ரீமரின் விளிம்பில் உலோகத் துணுக்கு ஒட்டிக்கொண்டாலும், ரீமர் சற்றே அச்சு விலகிச் சுழன்றாலும் துளை பெரிதாகும். அவற்றில் எது நடந்தது என்பதை அந்த ரீமரையும் அந்த அமைப்பையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். குறையைச் சீக்கிரம் சொல்வது பணத்துக்காக மட்டும் அல்ல, குறையின் காரணம் அழிவதற்கு முன் அதைப் பிடிப்பதற்காகவும்தான் என்பதை இத்தனை ஆண்டுகள் கொள்முதல் செய்த பிறகு அவரிடமிருந்துதான் கேட்டுக்கொண்டேன்.

மறுபடியும் அமைப்பைப் பூட்டி, 31 புதிய புஷ்களைச் செய்து, 800ஐயும் அவர் கொண்டுவந்தபோது 38ஆம் நாள். இந்த முறை சோதனை இரண்டு நாளில் முடிந்தது; 40ஆம் நாள் சரக்கு ஏற்கப்பட்டது; பணம் 70ஆம் நாளுக்குத் தள்ளிப்போனது. அதோடு கணக்குப் பிரிவிலிருந்து டெபிட் நோட் ஒன்று என் கையெழுத்துக்கு வந்தது. ஏற்கத்தக்க சரக்கு வந்த நாள் 38. தாமதம் ஐந்து வாரமும் மூன்று நாட்களும், ஆகவே ஆறு வாரம். பிடித்தம் மூன்று விழுக்காடு. ஆர்டரின் வாசகப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

அவர் உண்மையில் எடுத்துக்கொண்ட காலம், நிராகரிப்பிலிருந்து திரும்பக் கொண்டுவந்தது வரை, 14 நாட்கள். அதற்கு ஒரு விழுக்காடு. மீதி இரண்டு விழுக்காடு எங்கள் ஸ்டோரில் அந்தப் பெட்டிகள் கிடந்த 24 நாட்களுக்கானது. அசெம்ப்ளி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. தாமதப் பிடித்தம் என்பது தாமதத்தால் நேரும் இழப்பை முன்கூட்டியே மதிப்பிட்டு எழுதுவது என்றுதான் நான் படித்திருந்தேன். இங்கே இழப்பு எதுவும் நேரவில்லை. இந்தக் கணக்கை அன்றே ஒரு தாளில் எழுதினேன். பிறகு டெபிட் நோட்டில் கையெழுத்திட்டேன்.

ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வருகிறது. பிடித்தத்தைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பது உண்மை. பரிந்துரை எழுத அதிகாரம் இருந்தது என்பதும் உண்மை. ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நான் செய்யவேண்டியிருந்தது தளர்த்துவதே அல்ல, எங்கள் நாட்களை எங்கள் கணக்கில் எழுதுவது மட்டும்தான். பரிந்துரை எழுதினால் இன்ஸ்பெக்‌ஷன் ஏன் தாமதமானது, நிபந்தனையை அப்படி எழுதியது யார் என்ற இரண்டு கேள்விகளும் எழும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பின் ஆர்டரின் வாசகத்தை மாற்றினேன். சரக்கு வந்த ஏழு வேலை நாட்களுக்குள் முடிவு எழுத்தில் அறிவிக்கப்படாவிட்டால், பணம் தரும் காரியத்துக்கு மட்டும் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். பின்னால் தெரியவரும் குறைக்கு அவருடைய பொறுப்பு நீடிக்கும். நிராகரிக்கப்பட்டால் தாமதக் கணக்கில் எங்கள் சோதனை நாட்கள் சேராது. மாதிரி எண்ணிக்கையும் ஏற்பு எண்ணும் ஆர்டரிலேயே இருக்கும். தரப் பிரிவு இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை, பார்க்காத சரக்கை ஏற்றுக்கொண்டதாக எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இப்போது ஏழாம் நாள் மாலையில் வரும் நிராகரிப்பு அறிக்கைகள் கூடியிருக்கின்றன. அவற்றில் சில மறுசோதனையில் தேறியும் விடுகின்றன. கெடு ஓடாமல் நிறுத்துவதற்காகவே அவை எழுதப்படுகின்றனவோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. புதிய வாசகம் சிறிய பட்டறைகளுக்கு உண்மையில் உதவியிருக்கிறதா என்று கேட்டால், பணம் முன்னதாகப் போகிறது என்ற அளவுக்கு மட்டுமே என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அவர் இன்னமும் எங்களுக்குப் புஷ் செய்து தருகிறார். மாற்றிய ஆர்டரை முதல் முறை அனுப்பியபோது, அந்த நிபந்தனையை வாசித்துக் காட்டலாம் என்று தொலைபேசியில் அழைத்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு விழுக்காடும் இரண்டு விழுக்காடும் எழுதிய தாள் பழைய ஆர்டர் கோப்பிலேயே இருக்கிறது. அதை இதுவரை நான் யாருக்கும் அனுப்பவில்லை.