டிஸ்சார்ஜ் சம்மரியை நிறுத்திய மாத்திரையிலிருந்து தொடங்குங்கள்

மெடிசின் போஸ்டிங் மதிப்பீடு முடிந்து லாக்புக்கில் கையெழுத்தும் வாங்கியாச்சு. அடுத்த பேட்ச் தம்பி தங்கைகளுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கேஸ் ஷீட்டைக் கொடுத்து சம்மரி எழுதச் சொல்வதும், அதை வைத்தே வைவா கேட்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எனக்கு வந்தது பாம்புக்கடி. ஒடுகத்தூர் பக்கத்து விவசாயி, 54 வயது. இரவில் நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவருக்கு வலது பாதத்தில் கடி. ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில் 5 மி.கி. சாப்பிட்டு வந்தவர். சேர்த்தபோது 20 நிமிட உறைதல் சோதனையில் ரத்தம் உறையவில்லை. பாம்பு விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்தும் உறையாததால் இன்னொரு 10. அதற்கடுத்த சோதனையில் உறைந்தது. ஆனால் சிறுநீர் குறைந்து, கிரியாட்டினின் 1.1-இலிருந்து மூன்றாம் நாள் 3.2-க்கு ஏறியது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் 1.7.

இதை வரிசையாக எல்லோரும் எழுதிவிடுவோம். மதிப்பெண் இருந்த இடம் வேறு. இரண்டாம் நாள் மருந்துச் சார்ட்டில் எனலாபிரில் மேல் ஒரு கோடு, அதற்குக் கீழே அம்லோடிபின் 5 மி.கி. அவ்வளவுதான், காரணம் எழுதியிருக்காது. வீட்டுக்கான மருந்துப் பட்டியலில் அம்லோடிபின் மட்டும் இருந்தால் போதுமென்று தோன்றும். போதாது. 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அக்காவின் பதிவேட்டில் இன்னும் எனலாபிரில்தான் இருக்கும். அவர் கொடுப்பார், இவரும் இரண்டையும் சேர்த்துப் போடுவார். பாதி தேறிய சிறுநீரகத்தில் அந்த மாத்திரை கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி ஏற்றிவிடலாம்.

அதனால் நான் காகிதத்தில் முதலில் எழுதியது கடைசிப் பகுதியைத்தான். தமிழில் சொன்னால் இப்படி:

"எனலாபிரில் 5 மி.கி. நிறுத்தப்பட்டது. காரணம்: விஷத்தால் சிறுநீரகப் பாதிப்பு, கிரியாட்டினின் 3.2 வரை உயர்வு, இன்று 1.7. மறு ஆய்வில் முடிவு செய்யும்வரை மீண்டும் தர வேண்டாம். மாற்று: அம்லோடிபின் 5 மி.கி., காலையில் ஒன்று. இன்றைய ரத்த அழுத்தம் 128/80."

மேடம் நேராக அந்த இடத்துக்குத்தான் வந்தார். "இன்னைக்கு சாயந்திரம் இவர் வீட்ல எந்த மாத்திரை போடுவார்?" என்றார். காகிதத்திலேயே பதில் இருந்தது.

மருத்துவமனையில் நடந்ததை எழுதும்போது தினசரி நோட்டைப் பிரதி எடுக்காதீர்கள். "நினைவு தெளிவு, நாடித்துடிப்பு சீர்" என்று ஐந்து நாளும் எழுதினால் எந்தத் தகவலும் போய்ச் சேராது. எந்தச் சோதனை முடிவால் எந்த முடிவு எடுத்தார்கள் என்பதே வேண்டும். "உறையவில்லை, அதனால் இரண்டாம் தவணை" என்று ஒரு வரியில் முடியும். மொத்தம் 20 குப்பி, ஒவ்வாமை எதுவும் இல்லை என்பதையும் போடுங்கள். அடுத்த முறை கடி வாங்கி வந்தால் அந்த மருத்துவர் முதலில் தேடுவது இதைத்தான்.

நோய்ப்பெயரில் கவனம். பாம்பை யாரும் பார்க்கவில்லை, கொண்டுவரவும் இல்லை. உறையாத ரத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்தால் நம் பக்கம் கண்ணாடிவிரியன்தான் மனதில் வரும். ஆனாலும் "பாம்பு அடையாளம் தெரியவில்லை, ரத்த உறைதல் கோளாறு, தீவிர சிறுநீரகப் பாதிப்பு" என்றுதான் எழுதினேன். நிரூபணமானது அவ்வளவுதான்.

மறக்கக்கூடாதவை:

- கிரியாட்டினின், பொட்டாசியம் ஒரு வாரத்தில் மறுபடி. எங்கே, எந்தத் தேதி என்று எழுதவும். "தேவைப்பட்டால் வரவும்" என்று எழுத வேண்டாம்.
- கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ வேண்டாம். பாராசிட்டமால் மட்டும்.
- விஷமுறிவு மருந்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்புத் தடிப்பு வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைரஸ் காய்ச்சல் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் விஷமுறிவு மருந்து ஏற்றிய தேதியைச் சேர்த்தே எழுதவும்.
- சிறுநீர் குறைந்தாலோ முகம் வீங்கினாலோ உடனே வர வேண்டும். இந்த வரியை நோயாளிக்குத் தமிழில், பெரிய எழுத்தில்.

நேரம் போதவில்லையென்றால் பரிசோதனைப் பட்டியலைச் சுருக்குங்கள். சேர்த்த நாள், உச்சம், போகும் நாள் என மூன்று அளவுகள் போதும். நிறுத்திய மாத்திரைக்கான இடத்தை மட்டும் சுருக்காதீர்கள். நிறுத்தியது எதுவும் இல்லையென்றால் "எதுவும் நிறுத்தப்படவில்லை" என்றே எழுதிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.